பட்டியலில் எல்லாமே 'இல்லை' என்றால் மாத்திரை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்குச் சளிப் பரிசோதனையில் நுரையீரல் காசநோய் என்று உறுதியாகி மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று ஒரு கடிதமும் அறிகுறிப் பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. என் மகனுக்கு மூன்று வயது, நன்றாக ஓடியாடுகிறான். தம்பி வெளியூரில் வேலை செய்கிறான், சனி ஞாயிறு மட்டும் வருவான். யாருக்கும் இருமல் இல்லை. 'இல்லை' என்று டிக் செய்து கொடுத்துவிட்டால் போதாதா? பையனுக்கு மாத்திரை தருவார்களாமே, நோயே இல்லாதவனுக்கு எதற்கு?

பதில்: போதாது. எல்லோரும் நேரில் போய்விடுங்கள். நோய் வந்துவிட்டவரைக் கண்டுபிடிக்க மட்டுமல்ல, தடுப்பு மாத்திரையை யாருக்குத் தயங்காமல் கொடுக்கலாம் என்று முடிவு செய்யவும் அந்தப் பட்டியல்தான் முதல் படி.

காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறோம். தடுப்புக்குப் பெரும்பாலும் ஐசோநியாசிட் ஒன்றுதான். உள்ளே நோய் இருக்கும் ஒருவருக்கு அதை மட்டும் கொடுத்தால், அந்த மருந்துக்கு மசியாத கிருமிகள் தப்பிப் பெருகிவிடும். அதனால் 'இல்லை' என்று போடும் ஒவ்வொரு கட்டமும் உண்மையிலேயே 'இல்லை'யாக இருக்கவேண்டும்.

பட்டியலில் நான்கு கேள்விகள் முக்கியம்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை. பொதுவாக இரண்டு வார இருமலைத்தான் சந்தேகிப்போம். நோயாளியின் வீட்டாருக்கு அந்தக் கணக்கு கிடையாது. நேற்று தொடங்கிய இருமலானாலும் 'ஆம்' என்றே போடுங்கள். 'ஆம்' என்றால் நோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

உங்கள் மகன் விஷயம்தான் இதில் அவசரமானது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் கிருமி நுழைந்தால் சில மாதங்களிலேயே நோயாக மாறக்கூடும், மூளைக்காய்ச்சல் வரைக்கும் போகலாம். பி.சி.ஜி. ஊசி போட்டிருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. இந்த வயதில் இருமல் முக்கிய அடையாளமும் அல்ல. எடை ஏறாமல் நிற்பது, விளையாட்டு குறைவது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கழுத்தில் கட்டி, இவற்றைப் பாருங்கள். ஓடியாடுகிறான் என்பது நல்ல செய்திதான். ஆனாலும் முந்தைய எடை குறித்திருக்கும் தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள். சில மாதங்களுக்கு முன் 12 கிலோ இருந்தவன் இன்றும் அதே 12 கிலோ என்றால், டாக்டர் மேலும் விசாரிப்பார். நோய் இல்லை என்று டாக்டர் உறுதி செய்துவிட்டால், இந்த வயதுக்கு வேறு சோதனைக்குக் காத்திருக்காமல் தடுப்பு மாத்திரை தொடங்கலாம். வழக்கமான முறை ஆறு மாதம் தினமும் ஐசோநியாசிட், கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம். படிவத்தில் எடை கேட்பது இதற்காகத்தான். மாத்திரை சாப்பிடும் காலத்தில் வாந்தி, பசியின்மை, கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது தெரிந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே காட்டுங்கள்.

அம்மாவின் கட்டங்களை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். 'சர்க்கரையால்தான் இளைத்தேன், அசதியாக இருக்கு' என்று அவர் சொன்னால் அது எடைக் குறைவுக்கு 'ஆம்'. சர்க்கரை இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே கேட்டு எடுத்துவிடுங்கள். அதில் கோளாறு இல்லை என்றால், உறங்கும் கிருமி இருக்கிறதா என்று கையில் ஊசி போட்டோ ரத்தத்திலோ பார்ப்பார்கள். ஊசி என்றால் இரண்டு, மூன்று நாளில் திரும்பப் போய்க் காட்டியாகவேண்டும், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு வாரம் ஒருமுறை, 12 வாரம் சாப்பிடும் மருந்துமுறையும் உண்டு. அதிலுள்ள ரிஃபாபென்டின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் அம்மாவின் மருந்துச்சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள்.

தம்பியின் பெயரையும் எழுதுங்கள். சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஓர் இரவாவது அந்த வீட்டில் படுத்திருந்தால் அவரும் வீட்டாள்தான். ஊருக்கு வர முடியாவிட்டால் அவர் வேலை செய்யும் இடத்திலுள்ள அரசு மருத்துவமனையில் இந்தக் கடிதத்தின் நகலைக் காட்டலாம்.

போவதற்கு முன் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அப்பாவின் சளியில் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா, முடிவு என்ன? காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமி என்றால் மேலே சொன்ன தடுப்பு மாத்திரைகள் பொருந்தாது, டாக்டர் வேறு முறை சொல்வார்.

இந்தமுறை எல்லோருக்கும் 'இல்லை' என்றே முடிந்தாலும், பட்டியலை அலமாரியில் வைத்திருங்கள். கிருமி நோயாக மாறும் அபாயம் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அதிகம். அதற்குள் யாருக்காவது இருமலோ காய்ச்சலோ வந்தால், மருந்துக்கடையில் சிரப் வாங்கிச் சமாளிக்காமல், 'எங்கள் வீட்டில் காசநோய் இருந்தது' என்று முதல் வார்த்தையிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.