பார்க்காமல் வாங்கும் பழைய கார்: முன்பணத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வி: தேனியில் வசிக்கிறேன். சென்னையில் 2019ஆம் ஆண்டு பெட்ரோல் கார் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. முதல் உரிமையாளர், 52,000 கி.மீ. ஓடியது, 4.60 லட்சம் ரூபாய் என்கிறார். படங்களில் புதிது போல இருக்கிறது. 20,000 ரூபாய் முன்பணம் அனுப்பினால் வேறு யாருக்கும் காட்டமாட்டாராம். நேரில் போக விடுப்பு இல்லை. அனுப்பலாமா?

பதில்: இப்போது அனுப்ப வேண்டாம். இன்னொருவர் கொத்திக்கொண்டு போனால் போகட்டும். சென்னையில் 2019 மாடல் கார்களுக்குப் பஞ்சமில்லை.

வண்டி சென்னையில் இருக்கிறது என்றதும் என் கவனம் எஞ்சினுக்குப் போகவில்லை, தண்ணீருக்குப் போனது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கங்களில் எத்தனையோ கார்கள் மூழ்கி நின்றன. அப்படி நின்ற வண்டியைக் கழுவி, இருக்கைத் துணியை மாற்றி, வாசனை அடித்து நிறுத்தினால் படத்தில் பளபளவென்றுதான் இருக்கும். கோளாறு மின்வயர் இணைப்புகளுக்குள் பச்சை பூத்து மெல்ல வளரும். ஒரு நாள் பவர் விண்டோ இறங்காது, மறுமாதம் ஏர்பேக் விளக்கு எரியும், அதற்கடுத்து வண்டி நடுவழியில் நிற்கும். மெக்கானிக்குகளே வெறுக்கும் வேலை இது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது படங்களை அல்ல, 2024இல் புதுப்பித்த இன்சூரன்ஸ் பாலிசியை. அதில் ‘நோ கிளைம் போனஸ்’ என்று ஒரு சதவீதம் இருக்கும். இழப்பீடே கேட்காத உரிமையாளருக்கு அது ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். 2019இல் வாங்கிய முதல் உரிமையாளருக்கு 2024இல் 50 இருக்க வேண்டும். அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தால், பெரும்பாலும் முந்தைய ஓராண்டில் இழப்பீடு வாங்கியிருக்கிறார் என்று பொருள். பம்பர் உரசலுக்கும் அது பூஜ்யமாகும் என்பதால் உடனே குற்றம் சாட்டாமல், எதற்காக வாங்கினீர்கள், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருந்தவர் என்றால் இந்த வழி உதவாது.

படங்களை வாட்ஸாப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும். வண்டியின் அழகு வேண்டாம். நான்கு டயர்களின் பக்கச் சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண், ஒவ்வொரு கண்ணாடியின் மூலையில் இருக்கும் முத்திரை, பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவை போதும். டயரில் 3419 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்தது. 52,000 கி.மீ.க்கு முதல் டயரே இருக்கலாம், மாற்றியும் இருக்கலாம். ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நான் நம்பமாட்டேன். ஒரு கதவின் கண்ணாடி மட்டும் வேறு ஆண்டைக் காட்டினால் அந்தக் கதவுக்கு ஏதோ நடந்திருக்கிறது.

வீடியோ அழைப்பைக் காலையில், அவர் வண்டியை எடுக்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், மீட்டரை நெருக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிய வேண்டும். ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும், எஞ்சின் விளக்கு ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். அணையாத விளக்கு கோளாறைச் சொல்கிறது. எரியவே செய்யாத விளக்கு, யாரோ அதன் வாயை அடைத்திருப்பதைச் சொல்கிறது. இரண்டாவதுதான் மோசம். ஸ்டார்ட் செய்த பிறகு சைலன்சர் பக்கம் போகச் சொல்லுங்கள். காலைக் குளிரில் சற்று ஆவி வருவது இயல்பு. நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது.

அடுத்து, வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று அறிய, ஓட்டுநர் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுக்கச் சொல்லுங்கள். கடந்த ஆண்டு என் அக்காள் மகனுக்காக ஒரு வெள்ளைக் காரை இப்படித்தான் பார்த்தேன். விற்பவர் கலகலப்பான மனிதர், சொன்னதையெல்லாம் காட்டினார். பெல்ட் என்றதும் ஒரு முழம் இழுத்து விட்டுவிட்டார். இன்னும் இழுங்கள் என்றேன், சிக்கிக்கொள்கிறது என்றார். மறுநாள் நான் அனுப்பிய மெக்கானிக் போய் மெதுவாக இழுத்தார். அடியில் இரண்டு சாண் தூரம் பெல்ட் தேநீர் நிறத்தில் இருந்தது. மடித்துத் தேய்த்தபோது விரலில் நைசான மணல் ஒட்டியது. முன் சீட்டைத் தள்ளிப் பார்த்தால் தண்டவாளத்தின் போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. விற்பவர் உடனே 60,000 குறைத்தார். நாங்கள் வேண்டாம் என்று விலகிவிட்டோம். பெல்ட்டையே புதிதாக மாற்றிவிடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலான பெல்ட்டுகளின் அடியில் தைத்த சீட்டில் தயாரித்த தேதி இருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

அந்த மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. விற்பவர் அறிமுகப்படுத்தும் ஆள் கூடாது, வண்டி முடிந்தால் கமிஷன் வாங்கும் தரகரும் கூடாது. சென்னையில் உங்கள் உறவினர் பல ஆண்டுகளாக வண்டி விடும் பட்டறைக்காரர் இருந்தால் அவரே நல்லவர். கூலியை முன்பே பேசி, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உண்டு என்று சொல்லி, பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ‘வண்டி எப்படி?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை சார்’ என்றுதான் பதில் வரும். தரை விரிப்பைத் தூக்கி அடியில் படம், பெல்ட்டின் கடைசி வரை படம், இருபது கி.மீ. ஓட்டம், வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரின் அறிக்கை என்று எழுதி அனுப்புங்கள். கிளட்ச் வழுக்குவதும் குழியில் விழும்போது வரும் சத்தமும் எந்த வீடியோவிலும் தெரியாது, ஓட்டினால்தான் தெரியும். ஸ்கேனரில் பிழை எதுவும் இல்லை என்றால் உடனே மகிழ வேண்டாம். நேற்று இரவு அழித்திருக்கலாம். அப்படி அழித்திருந்தால் வண்டியின் உள்சோதனைகள் பல ‘முடியவில்லை’ என்று காட்டும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அப்படிக் காட்டும் என்பதால், இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே பார்த்து, அசல் ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டியதும் மெக்கானிக்கின் வேலைதான். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைந்திருக்கும். தெரிகிற எழுத்துகள் விற்பவரின் பெயரோடு பொருந்த வேண்டும். கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் 35ஆம் படிவமும் இல்லாமல் பேச்சைத் தொடர வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால், விற்பவர் கேட்ட 20,000இல் ஐந்தாயிரம் மட்டும், ஆர்.சி.யில் உள்ள பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். மைத்துனர் எண்ணுக்குப் போடுங்கள் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மீதியை 29, 30ஆம் படிவங்களில் அவர் கையெழுத்திட்டு, ஆர்.சி.யும் இரண்டு சாவிகளும் உங்கள் ஆளின் கைக்கு வந்த பிறகு, உங்கள் ஆள் அங்கே இருக்கும்போதே அதே கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.