முந்திரி ஏறினால் மக்ரூன் விலை என்ன?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் வீட்டிலேயே மக்ரூன், கேக், பிஸ்கட் செய்து விற்கிறேன். செலவுக்கு மேல் 40 சதம் வைத்து விலை போடுகிறேன். முந்திரி கிலோ 800-லிருந்து 960 ஆகிவிட்டது, முட்டை 6-லிருந்து 7. ஒவ்வொரு தடவையும் எல்லாப் பண்டத்துக்கும் நோட்டில் திரும்பக் கணக்குப் போட முடியவில்லை. பாதிச் சரக்கு ஒரு கடையில் 20 சதம் கமிஷனுக்குப் போகிறது. தானாகக் கணக்குப் போடும் ஷீட் எப்படி அமைப்பது? எல்லா விலையையும் ஏற்றிவிடலாமா?

பதில்: எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். உங்கள் கையை இப்போது கடிப்பது மக்ரூன்தான். மைதா, வெண்ணெய் பிஸ்கட்டில் முந்திரியே கிடையாது. அதன் விலையையும் சேர்த்து ஏற்றினால், நியாயமான விலையென்று வந்த வாடிக்கையாளரைத்தான் துரத்துவீர்கள். எந்தப் பண்டம் எவ்வளவு அடி வாங்கியது என்று காட்டுவதற்குத்தான் ஷீட்.

கூகுள் ஷீட்டில் மூன்று தாள் போதும். ‘விலை’ என்ற தாளில் பொருளின் பெயர், வாங்கிய அளவு, கொடுத்த பணம், நான்காவதாக ஒரு கிராமுக்கு என்ன விழுகிறது என்பது (பணத்தை அளவால் வகுத்தது). எடையுள்ளது எல்லாம் கிராமில், முட்டை மட்டும் எண்ணிக்கையில். ஓரிடத்தில் கிலோ, ஓரிடத்தில் கிராம் என்று கலந்தால் விடை ஆயிரம் மடங்கு பிசகும். முந்திரி விலை எழுதும் இடம் இந்தத் தாளில் உள்ள ஒரே கட்டம்தான். வேறெங்கும் அந்த எண்ணைக் கையால் அடிக்கக் கூடாது.

‘செய்முறை’ தாளில் வரிசைக்கு ஒன்றாகப் பண்டம், பொருள், அளவு. நான்காவது கட்டத்தில் இது:

```
=C2*VLOOKUP(B2,'விலை'!$A$2:$D$50,4,FALSE)
```

கடைசியில் உள்ள FALSE-ஐ விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ஷீட் ‘ஏறக்குறைய’ பொருந்துகிற வரிசையை எடுத்துக்கொள்ளும். ஏலக்காய் விலையில் சீனி வந்து உட்கார்ந்தாலும் சத்தம் காட்டாது. FALSE இருந்தால் பெயர் பொருந்தாதபோது #N/A என்று கத்தும். அந்தக் கத்தல் நமக்கு வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று IFERROR போட்டுப் பூஜ்யமாக்கினால், அந்தப் பொருள் இலவசமாக வந்ததுபோல் செலவு குறையும்.

என் மைனி வீட்டு ஷீட்டில் இதுதான் நடந்தது. விலைத் தாளில் ‘சீனி’ என்று எழுதியிருந்தாள், கேக் செய்முறையில் ‘சர்க்கரை’ என்று அடித்திருந்தாள். மேலே IFERROR. மூன்று மாதம் சீனி இல்லாத கேக் கணக்கில் ஓடியது! பொருள் பெயரை ஒவ்வொரு முறையும் அடிக்காமல், விலைத் தாளிலிருந்து தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

மூன்றாவது, ‘கணக்கு’ தாள். A-யில் பண்டம், B-யில் ஒரு தடவை செய்தால் விற்கிற மாதிரிக் கிடைக்கும் கிராம், C-யில் பாக்கெட் கிராம். D-யில் பாக்கெட்டுக்கான பொருள் செலவு:

```
=SUMIF('செய்முறை'!A:A,A2,'செய்முறை'!D:D)/B2*C2
```

B-யில் மாவைப் போட்ட எடையை எழுதிவிடாதீர்கள். உங்கள் அளவாக 500 கிராம் முந்திரி, 500 கிராம் சீனி, 8 முட்டையின் வெள்ளைக்கரு என்று எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்கரு சுமார் 250 கிராம் இருக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர், ஓவனில் காய்ந்து போய்விடும். மொத்தம் 1,250 கிராம் கலந்தாலும், உடைசல் தூள் கழித்து 950 கிராம் தேறினால் நல்லது. மூன்று தடவை தராசில் வைத்துப் பார்த்து, அதில் குறைந்ததை எழுதுங்கள். மஞ்சள்கரு மிஞ்சுமே என்று கேட்பீர்கள். முட்டை விலை முழுவதையும் மக்ரூன் தலையில் போடுங்கள். மஞ்சள்கரு இன்னொரு கேக்குக்குப் போனால் அங்கே அதற்கு விலை போட வேண்டாம்.

E-யில் பொருள் அல்லாத செலவு. உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு மணிக்கு 80 என்றால் 120, கரண்ட் 15 என்று வையுங்கள். 135 ரூபாயை 950 கிராமுக்குப் பிரித்தால் 250 கிராம் பாக்கெட்டுக்கு 35.50 வரும். கவர், ஸ்டிக்கர் 9 சேர்த்து 44.50. F, D-யும் E-யும் கூட்டிய மொத்தச் செலவு. G விற்கும் விலை, கையால் எழுதுவது. H-இல் லாப சதம், கட்டத்தின் வடிவத்தைச் சதவீதம் என்று மாற்றிக்கொள்ளுங்கள்:

```
=(G2-F2)/G2
```

இப்போது கணக்கைப் பாருங்கள். பழைய விலையில் (சீனி கிலோ 46) பொருள் செலவு பாக்கெட்டுக்கு 124, மொத்தம் 168.50. அதற்கு மேல் 40 சதம் என்றால் 236. அதை 240 ஆக்கியிருந்தால் H-இல் 40 காட்டாது, 30 சொச்சம்கூட வராது, 29.8தான். நீங்கள் செலவில் 40 சதம் வைக்கிறீர்கள், கமிஷன்காரர் விற்கும் விலையில் 20 சதம் எடுக்கிறார். இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

‘விலை’ தாளில் முந்திரியை 960, முட்டையை 7 என்று மாற்றுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். மொத்தச் செலவு 191.60 ஆகும், H 20 சதத்துக்கு இறங்கும். 240-க்கு நேரடியாக விற்றால் 48 ரூபாய் மிஞ்சும். கடைக்குப் போகிற பாக்கெட்டில் கமிஷனும் 48 ரூபாய். உங்கள் கைக்கு 40 பைசாகூட நிற்காது! கூலி உள்ளே இருப்பதால் பட்டினி இல்லை, ஆனால் ஒரு பாக்கெட் நமத்துத் திரும்பி வந்தால் அது நேரே கூலியில் விழும்.

இந்த நிலைமைக்காகவே கமிஷனைத் தனியாகக் கழித்துக் காட்டும் இன்னொரு கட்டம் வேண்டும்:

```
=(G2*0.8-F2)/G2
```

நேரடி விற்பனையில் 30 சதம் நிற்க என்ன விலை என்று கேட்க:

```
=CEILING(F2/(1-0.3),5)
```

விடை 275 வரும். அந்த விலையில் கடை வழியாகப் போனால் 10 சதம் சொச்சம் நிற்கும். எனக்கு அது போதுமென்று தோன்றுகிறது. கடையிலும் 30 நிற்க வேண்டுமென்றால் 385 ஆகிவிடும், பாளையங்கோட்டையில் யாரும் வாங்க மாட்டார்கள். கமிஷனை 15-க்குப் பேசிப் பாருங்கள், அல்லது கடைக்கு முந்திரி இல்லாத பிஸ்கட்டையே அனுப்புங்கள்.

800-க்கு வாங்கிய முந்திரி டின்னில் இருக்கிறதே என்றால், கணக்கில் 960-தான். அது தீர்ந்ததும் வாங்கப் போவது அந்த விலைக்குத்தான்.

ஒன்றை மட்டும் ஷீட்டிடம் விடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பணம் வாங்கிய ஆர்டர்களின் விலையைச் சூத்திரமாக வைக்காமல் எண்ணாக எழுதி, பக்கத்தில் தேதி போடுங்கள். இல்லையென்றால் நவம்பரில் சொன்ன விலை டிசம்பரில் தானாக மாறிக் காட்டும், வாடிக்கையாளரிடம் வாக்குத் தவறியவராவீர்கள். அதேபோல், அதிகபட்ச விலை அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட்டை அதற்கு மேல் விற்கக் கூடாது. 240 அடித்தவை தீரும்வரை 240-தான். அடுத்த கட்டு ஸ்டிக்கர் அடிக்கும்போது விலை இடத்தை வெறுமையாக விட்டு, பேக் செய்யும் அன்று எழுதிக்கொள்ளுங்கள்.