கயலும் காபிக் களமும்

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. "வேண்டாம்" என்று சொல்லவும், எந்தப் பெரியவரை நம்பிச் சொல்லலாம் என்பதையும் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்லித்தருவது?

ஏற்காட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதையைத் தருகிறேன். இதில் வருபவர் தெரிந்தவர்தான். பெரும்பாலும் அத்துமீறுவது தெரிந்த ஆள் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்தேன்.

மார்கழி மாதம். அம்மா களத்தில் காபிக்கொட்டையைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். கயல் திண்ணையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். எப்போதும் ஆரஞ்சு கொண்டுவருவாரே, அந்தப் பக்கத்து வீட்டு மாமா வந்தார். "வா, மடியில உட்காரு" என்றார். கயலுக்கு வயிற்றுக்குள் என்னவோ போல இருந்தது. "வேண்டாம் மாமா" என்றாள். அவர் கையைப் பிடித்து இழுத்தார். "அம்மாகிட்ட சொல்லாதே, இது நம்ம ரகசியம்." கயல் கையை உதறிவிட்டு, "வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே அம்மாவிடம் ஓடினாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. படுதாவை இழுத்தபடியே அம்மா, "அப்புறம் சொல்லு கண்ணு" என்றாள்.

இங்கே நிறுத்தி, "இப்போ கயல் என்ன செய்யணும்?" என்று கேட்பேன். "சும்மா இருக்கணும்" என்று இரண்டு மூன்று பேராவது சொல்வார்கள். கதையின் உயிரே இந்த இடம்தான். ஒருவர் காதில் வாங்காவிட்டால் அடுத்தவரிடம் போகலாம் என்பது ஆறு வயதுக்குத் தானாகத் தெரியாது.

கயல் ஆயாவிடம் போனாள். ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். "எங்கிட்ட சொன்னியே, நல்லது சாமி. உன் மேல தப்பே இல்ல" என்று மடியில் இழுக்காமல் பக்கத்தில் உட்காரவைத்தாள். அம்மா வந்ததும் ஆயாவே எல்லாம் சொன்னாள். அதன்பிறகு கயலை அந்த மாமாவோடு யாரும் தனியாக விடவில்லை.

கதை முடிந்ததும் ஐந்து விரலுக்கு ஐந்து பேர் சொல்லச் சொல்வேன். ஒரு பையன் ஐந்து விரலுக்கும் "அம்மா" என்றான். வீட்டுக்கு வெளியே ஒருவராவது வேண்டும் என்றதும் நெடுநேரம் யோசித்து, சத்துணவு அக்காவைச் சொன்னான். பிறகு "வேண்டாம்" சொல்லிப் பழகுவோம். முதலில் தரையைப் பார்த்து முணுமுணுப்பார்கள்; கையை முன்னால் நீட்டி, முகம் பார்த்துச் சொல்லும்வரை விளையாட்டாகவே திரும்பத் திரும்பச் செய்வோம். பயத்தில் குரலே வராவிட்டாலும் பரவாயில்லை, எத்தனை நாள் கழித்தும் சொல்லலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பெற்றோருக்கு: "மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்று வீட்டிலேயே வற்புறுத்தினால் இந்தக் கதை எடுபடாது. வணக்கம் சொன்னால் போதும். பிறந்தநாள் பரிசை மறைப்பது கடைசியில் எல்லோருக்கும் தெரியப்போகிற விஷயம். எப்போதும் சொல்லாதே என்பதுதான் ரகசியம், அது நம் வீட்டில் கிடையாது என்று பிரித்துச் சொல்லுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் "ஏன் அப்பவே சொல்லலை?" என்று கேட்காதீர்கள். துருவித் துருவியும் விசாரிக்காமல், அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிவையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, இரவிலும் எடுப்பார்கள். 2012 போக்சோ சட்டப்படி, இப்படி நடந்தது யாருக்குத் தெரியவந்தாலும் அவர் காவல்துறையில் சொல்லியே ஆகவேண்டும். சொந்தக்காரர் என்று மூடிமறைக்க இடமில்லை.