ஹோலிகா தகனம்: ஏழு மணிக்கா, பதினொன்றரைக்கா?

“காஜியாபாத்தில் குடியிருக்கிறோம். 2025 மார்ச் 13 அன்று ஹோலிகா தகனத்துக்கு எல்லாம் தயாராக இருந்தும், பத்ரா இருக்கிறது, இரவு 11:26-க்குப் பிறகுதான் தீ மூட்டலாம் என்று பண்டிட்ஜி சொல்லிவிட்டார். குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். பக்கத்துக் குடியிருப்பிலோ ‘பத்ரா புச்சம்’ என்று சொல்லி ஏழு மணிக்கே ஏற்றினார்கள். யார் சொன்னது சரி? அடுத்த முறை நாங்களே நேரம் பார்க்க முடியுமா?”

உங்கள் பண்டிட்ஜி சொன்னதுதான் சரி. பத்ரா புச்சம் என்று ஒன்று உண்டு, அதில் ஏற்றவும் அனுமதி உண்டு. ஆனால் வேறு வழியில்லாத ஆண்டுகளுக்குத்தான் அது. 2025-இல் வேறு வழி இருந்தது.

பத்ரா என்பது நம் தமிழ்ப் பஞ்சாங்கத்திலும் தினமும் அச்சாகிற கரணங்களில் ஒன்றுதான். பவம், பாலவம் என்று தொடங்கும் வரிசையில் ஏழாவதாக வரும் பத்திரை அது. விஷ்டி என்றும் சொல்வார்கள். ஒரு திதியின் பாதி ஒரு கரணம். வளர்பிறையில் பௌர்ணமியின் முதல் பாதி எப்போதுமே பத்திரைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பத்ரா ஏதோ சில ஆண்டுகளில் மட்டும் வந்து குறுக்கிடுவதில்லை. பால்குன பௌர்ணமி பிறக்கும்போதே அதுவும் பிறந்து, ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறது. அந்தப் பன்னிரண்டு மணி நேரம் மாலையை மூடுகிறதா என்பதுதான் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. பௌர்ணமி விடியலுக்கு முன்பே பிறந்திருந்தால் பொழுது சாயும் முன் பத்ரா விலகிவிடும், ஏழு மணிக்குத் தாராளமாக ஏற்றலாம். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறந்தால் மாலை முழுக்க மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவு கவலை எதற்கு என்றால், மற்ற நல்ல காரியங்களுக்குப் பத்ரா பொதுவாக ஆகாது என்றிருக்க, இரண்டுக்கு மட்டும் தனியாகவே தடை சொல்லப்பட்டிருக்கிறது. ஒன்று ஆவணிப் பௌர்ணமியின் ரக்ஷாபந்தன், மற்றது பால்குனியின் இந்தத் தீ. பத்ராவில் செய்த ஷ்ராவணி அரசனைக் கெடுக்கும், பால்குனி ஊரை எரிக்கும் என்பது வடநாட்டுப் புரோகிதர்கள் வாயில் புரளும் சுலோகத்தின் பொருள். ஊருக்குப் பொதுவாக மூட்டும் தீ என்பதால் அதன் பலனும் ஊருக்கே என்று கொள்கிறார்கள்.

இனி 2025 கணக்கைப் பார்ப்போம். பௌர்ணமி பிறந்தது காலை 10:35-க்கு. பத்ரா விலகியது இரவு 11:26-க்கு. இடைப்பட்ட காலம் 12 மணி 51 நிமிடம். இதை நான்காகப் பிரித்தால், பௌர்ணமி பத்ராவுக்கு மூன்றாம் கால்பகுதியின் கடைசியில் புச்சம், அதாவது வால். நான்காம் கால்பகுதியின் தொடக்கத்தில் முகம். புச்சம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, முகம் ஆறில் ஒரு பங்கு. அன்று புச்சம் மாலை 6:57 முதல் 8:14 வரை, முகம் 8:14 முதல் 10:22 வரை. புச்சத்தின் முடிவை ஒட்டியே முகம் தொடங்குவதைக் கவனியுங்கள். புச்சத்தை நம்பி, கூட்டம் சேரட்டும் என்று 8:14-ஐத் தாண்டித் தாமதித்தால், பத்ராவிலேயே மிக மோசமான பகுதியில் தீ வைத்ததாக ஆகிவிடும்.

எதை எப்போது எடுப்பது என்பதற்கு தர்மசிந்து என்னும் சாஸ்திர நூல் தரும் வரிசை தெளிவானது. அஸ்தமனத்தை அடுத்து வரும் பிரதோஷ வேளையில் பௌர்ணமி இருந்து, பத்ராவும் இல்லையென்றால் அதுவே முதல்தரம். பிரதோஷத்தைப் பத்ரா மூடியிருந்தாலும் நள்ளிரவுக்குள் விலகிவிடுமானால், விலகும்வரை காத்திருந்து ஏற்ற வேண்டும். நள்ளிரவையும் தாண்டிப் பத்ரா நீண்டால்தான் புச்சத்தைத் தேட வேண்டும். முகம் எந்த நிலையிலும் கூடாது. 2025-இல் பத்ரா 11:26-க்கே போய்விட்டதால் இரண்டாவது விதிதான் பொருந்தியது. பத்ரா பாதாளத்தில் இருந்தது, பாதகமில்லை என்றும் சிலர் சொல்லியிருப்பார்கள். அன்றிரவு சந்திரன் சிம்மத்தில். அது பூமியில் வாசம் செய்யும் பத்ராவுக்குரிய ராசிகளில் ஒன்று, ஆகவே அந்தச் சலுகையும் இல்லை.

நள்ளிரவு என்றதும் கடிகாரத்தின் பன்னிரண்டை எடுத்துக்கொள்ள வேண்டாம். அஸ்தமனத்துக்கும் மறுநாள் உதயத்துக்கும் நடுப்புள்ளி அது. மார்ச் நடுவில் டெல்லி, காஜியாபாத் பக்கம் 12:30 வாக்கில் வரும், மும்பையில் 12:48 வாக்கில், பாட்னாவில் ஏறக்குறைய 12 மணிக்கே. பத்ரா விலகும் நேரம் நாடு முழுக்க ஒன்றுதான் என்றாலும், உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்த இடத்தில் பாட்னாக்காரருக்கு அரை மணிதான். கைபேசிப் பஞ்சாங்கத்தில் ஊர் சென்னை என்றே கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடம் பெயர்ந்த குடும்பங்களில் அதிகம் நடக்கும் தவறு இது.

2026 இன்னும் சிக்கலான ஆண்டு. பௌர்ணமி மார்ச் 2 மாலை 5:55-க்குப் பிறந்து மறுநாள் மாலை 5:07-க்கு முடிந்தது. பத்ரா விடியற்காலை 5:28 வரை. நள்ளிரவைத் தாண்டிவிட்டதால் ஒரு சாரார் புச்சத்தை எடுத்தார்கள். அது 3-ஆம் தேதி அதிகாலை 1:25 முதல் 2:35 வரை. இன்னொரு சாரார் காட்டியது வேறொரு விதி: பகலின் நான்கில் ஒரு பங்கு ஒரு யாமம்; மறுநாள் பகலில் பௌர்ணமி மூன்றரை யாமத்துக்கு மேல் இருந்து, பிரதமை அதைவிட நீண்டதாகவும் இருந்தால், பிரதமையின் பிரதோஷத்திலேயே ஏற்றலாம். டெல்லிக் கணக்கில் மூன்றரை யாமம் மாலை 4:55 வாக்கில் முடிகிறது. பௌர்ணமி அதற்குப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக நின்றது, பிரதமையும் நீண்டதே. அன்று சந்திர கிரகணம் வேறு, விட்டது மாலை 6:47-க்கு. இரண்டுக்கும் சாஸ்திர ஆதாரம் உண்டு. பொதுக்குவியலுக்குக் கிரகணம் விட்டபின் மாலையில் ஏற்றுவதையே நான் தேர்வேன், ஏனென்றால் ஊர் கூடாத தகனத்தில் பாதி அர்த்தம் போய்விடுகிறது.

தாமதமாகும் ஆண்டுகளில் குழந்தைகளை ஏமாற்ற வேண்டியதும் இல்லை. பத்ரா தடுப்பது தீ மூட்டுவதை. குவியல் அடுக்குவது, நடுவில் ஆமணக்குக் கொம்பு நடுவது, துளையிட்ட சாண வில்லைகளைக் கயிற்றில் கோத்த மாலைகளைச் சாத்துவது எல்லாம் மாலையிலேயே நடக்கட்டும். பூசையையும் பல வீடுகளில் பகலிலேயே முடித்துவிடுவது வழக்கம்: நீர், குங்குமம், அட்சதை, வெல்லம், கச்சா பருத்தி நூலைக் குவியலைச் சுற்றி மூன்று அல்லது ஏழு சுற்று. அதன்பின் இரவு பனியில் சாண வில்லைகள் ஈரம் ஏற்காமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நனைந்த வில்லை எரியாது, கண்ணைக் கரிக்கும் புகைதான் வரும். ஏற்றும்போது தார்ப்பாயை முழுதாக அகற்றி, காற்று வரும் பக்கத்து அடியில் காய்ந்த வைக்கோலில் கற்பூரம் வைத்துத் தொடங்கினால் உடனே பிடித்துக்கொள்ளும். கோதுமைக் கதிரும் பச்சைக் கொண்டைக்கடலைச் செடியும் வாட்ட நீண்ட கழிகளைப் பிள்ளைகள் பெயரில் கட்டி வைத்துவிடுங்கள். விழித்திருக்கும் பெரியவர்கள் வாட்டி எடுத்து வந்து காலையில் பிரசாதமாகக் கொடுக்கலாம்.