நண்பனின் அப்பா இறப்புக்குப் போகவில்லை, இப்போது என்ன செய்வது?

கேள்வி: என் கல்லூரி நண்பனின் அப்பா மதுரையில் இறந்துவிட்டார். நான் பெங்களூரில் இருக்கிறேன். ஆபீஸில் ஆடிட் நடந்ததால் அன்றைக்குப் போகவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் போகவில்லை. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரையும் போல இரங்கல் போட்டதோடு சரி. இன்றைக்கு 23 நாளாகிறது. படிக்கிற காலத்தில் அவன் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். இனிமேல் எந்த முகத்தோடு பேசுவது? எப்படி மன்னிப்புக் கேட்பது?

பதில்: இன்றைக்கே போனில் பேசுங்கள். வாய்ஸ் மெசேஜ், நீளமான வாட்ஸ்அப் செய்தி எதுவும் வேண்டாம். பேசிய பிறகு, அடுத்த வாரத்துக்குள் மதுரைக்குப் போய் வாருங்கள். குழுவில் பொதுவாக மன்னிப்புக் கேட்காதீர்கள். அங்கே கேட்டால், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க அவன் உங்களுக்குப் "பரவாயில்லை" சொல்லியாக வேண்டும்.

பேசுவதற்கு முன் ஒன்றை உங்களுக்குள் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இறந்த அன்று போக முடியாதது வேறு. அதற்கடுத்த மூன்று வாரம் போகாமலும் பேசாமலும் இருந்தது வேறு. முதல் நாளுக்கு ஆடிட் காரணமாக இருக்கலாம். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் மதுரை என்பது உங்கள் நண்பனுக்கும் தெரியும். அவன் மனதில் நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். இரண்டையும் சேர்த்து "ஆடிட், லீவே கிடைக்கல" என்று சொன்னால், உண்மையான காரணம்கூட சாக்காகத் தெரியும். எனவே போகாத நாளுக்கு ஒரே வரியில் காரணம் சொல்லுங்கள். அதற்குப் பிந்தைய நாட்களுக்குக் காரணமே சொல்லாதீர்கள்.

அவன் வேலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் மறுபடி மறுபடி அடிக்க வேண்டாம். "அப்பாவைப் பத்திப் பேசணும்டா, முடியும்போது கூப்பிடு" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, மறுநாள் நீங்களே திரும்பக் கூப்பிடுங்கள். பேச்சில் முதலில் அப்பா வரட்டும், அடுத்து உங்கள் தவறு. சுமார் இப்படி:

"டேய், அப்பா தவறினப்ப நான் உன் பக்கத்துல இல்லை. அன்னைக்கு ஆபீஸ்ல விடல. ஆனா அதுக்கப்புறம் வந்திருக்கலாம், ஒரு போனாவது பண்ணியிருக்கலாம். பண்ணல. தப்புதான்டா, மன்னிச்சுக்கோ. அம்மா எப்படி இருக்காங்க?"

இவ்வளவு போதும். கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏனென்றால் பேச்சு அங்கே உங்களை விட்டு அவர்கள் வீட்டுக்குத் திரும்புகிறது. அதன்பின் அவன் பேசட்டும். கடைசி நாட்களைப் பற்றி அவனாகச் சொன்னால் முழுதாகக் கேளுங்கள். "எந்த ஆஸ்பத்திரி, ஏன் முன்னாடியே காட்டல" என்று விசாரணையில் இறங்காதீர்கள். அந்தக் கேள்வியை அவனே தன்னிடம் ஆயிரம் முறை கேட்டிருப்பான். "வயசாயிடுச்சு", "கஷ்டப்படாம போயிட்டார், கொடுத்துவச்சவர்" என்பதை வீட்டார் சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது. அவரைப் பற்றி உங்களுக்கே நினைவிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள்: அந்த வீட்டில் அவர் உங்களைச் சாப்பிட உட்கார வைத்த விதம், வழியனுப்ப வந்த ஒரு நாள். 23 நாளில் "ஆழ்ந்த இரங்கல்" நூறு கேட்டிருப்பான், இப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டான்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, மன்னிப்பு நீண்டுபோவது. "என்னை நினைச்சாலே எனக்கு வெறுப்பா இருக்குடா" என்று தொடங்கினால், அப்பாவை இழந்தவன் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அவன் இரண்டாவது முறை "பரவாயில்லடா, விடு" என்று சொல்லிவிட்டால் நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள் என்று பொருள், அத்தோடு நிறுத்துங்கள். கோபப்பட்டால், "எல்லாரும் வந்தாங்க, நீ மட்டும் வரல" என்றால், "ஆமாண்டா" என்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றும் சொல்லாமல் பேச்சைச் சுருக்கினாலும், நேரில் போவதை அதற்காக நிறுத்த வேண்டாம்.

பதினாறு முடிந்த பிறகு துட்டி கேட்டுப் போகலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். காரியம் முடிந்ததும் துக்கம் விசாரிக்க வருவதை விரும்பாத குடும்பங்கள் உண்டு; செவ்வாய், வெள்ளியில் யாரும் வரக் கூடாது என்பவர்களும் உண்டு. எனவே "அம்மாவைப் பார்க்க வரணும்டா, எந்த நாள் வரலாம்?" என்று நேராகக் கேளுங்கள். முப்பதாம் நாள் ஏதாவது செய்கிறார்களா என்றும் கேளுங்கள். அன்றைக்குக் கூட்டம் இருக்கும் என்றால் அதற்கு முன்பே தனியாகப் போவது நல்லது.

பழமோ பிஸ்கட்டோ காபித்தூளோ வாங்கிக்கொள்ளலாம். இனிப்பு வேண்டாம். பூங்கொத்து நம் துக்க வீடுகளில் ஒட்டாது. போவதற்கு முன்னாலேயே ஜிபேயில் பணம் அனுப்பாதீர்கள்; வராததற்குக் கணக்குத் தீர்த்தது போலாகும். ஆஸ்பத்திரிச் செலவில் அவர்கள் நொடித்துப்போயிருப்பது தெரிந்தால், நேரில் போனபோது நண்பனிடம் தனியாகக் கொடுங்கள்.

வீட்டுக்குள் போனதும் அப்பா படத்தைக் கும்பிட்டுவிட்டு, அம்மாவின் பக்கத்தில் போய் உட்காருங்கள். நண்பனிடம் கேட்ட மன்னிப்பு அம்மாவுக்குச் சேராது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் அவர்தான். "நீ வருவேன்னு பார்த்தேன்பா" என்று அவர் சொன்னால், "வராம இருந்துட்டேன்மா, தப்புதான்" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். ஆடிட் கதை அங்கே வரவே கூடாது. அழுதால் அழவிடுங்கள். அரை மணி, முக்கால் மணி இருந்தால் போதும். அவர்களே இருக்கச் சொன்னால் இருங்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" சொல்லாமல் எழுவது வழக்கம்.

முஸ்லிம் நண்பர் வீடு என்றால், அம்மா இத்தா என்ற துக்கத் தனிமையில் இருப்பார். கணவரை இழந்தவருக்கு அது நான்கு மாதம் பத்து நாள். அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்காதீர்கள், நண்பன் வழியாகச் சொல்லியனுப்புங்கள். கிறிஸ்தவ வீட்டில் நினைவு ஜெபமோ திருப்பலியோ எப்போது என்று கேட்டு, அதில் கலந்துகொள்ளலாம்.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த நேரத்தில் அந்த வீட்டில் என்ன வேலை நடக்கும் என்று யோசியுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் அதை முடித்திருப்பார்கள். இனிதான் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது, தாசில்தார் அலுவலகத்துக்கு நடப்பது, வங்கிக் கணக்கு, அப்பாவுக்குப் பென்ஷன் வந்திருந்தால் அம்மா பெயருக்குக் குடும்ப ஓய்வூதியம் என்று அலைச்சல் இருக்கும். "இறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரு ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு பார்த்தியா? பேங்க் ஃபாரத்தை அனுப்பு, நான் நிரப்பித் தர்றேன்" என்று குறிப்பாகக் கேளுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஒவ்வொரு இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள். ஆரம்பத்திலேயே திருத்திவிட்டால் பல நடை மிச்சம்.

இந்த வருடம் அந்த வீட்டில் பண்டிகை கொண்டாட மாட்டார்கள். தீபாவளி, பொங்கலுக்கு எல்லோருக்கும் அனுப்பும் வாழ்த்தில் அவன் பெயர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரு போன் மட்டும் பண்ணுங்கள். தலைத்திவசத்துக்குக் கட்டாயம் போங்கள். அது திதிப்படி வரும், இறந்த ஆங்கிலத் தேதியில் வராது. அதனால் பத்து மாதம் கழித்து, நாள் குறித்துவிட்டார்களா என்று நண்பனிடம் கேட்டு, அப்போதே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.