மூடியிருந்த டிரம்முக்குள் புழு வந்தது எப்படி?

கேள்வி: டாக்டர், எங்கள் குடியிருப்பில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு தன்னார்வக் குழுவாக வேலை செய்கிறோம். சாக்கடையைத் தூர்வாரினோம், புகை அடித்தோம், பொதுத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டோம், வீடு வீடாக நோட்டீஸும் கொடுத்தோம். வீடுகளில் தண்ணீர் டிரம்மை மூடித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் டெங்கு வருகிறது, டைபாய்டு வருகிறது, சென்ற மாதம் ஒரு வீட்டில் காலராவே வந்துவிட்டது. மக்களுக்கு இன்னும் எதைத்தான் சொல்லிக்கொடுப்பது?

பதில்: இதுவரை நீங்கள் செய்த வேலையெல்லாம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. டெங்குக் கொசு பிறக்கும் இடம் பெரும்பாலும் வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறது. டைபாய்டும் காலராவும் சுத்தமாக வந்த தண்ணீரில்கூட வீட்டுக்குள் வைத்தே கலந்துவிடுகின்றன. அதனால் சொல்லிக்கொடுப்பதை அந்த டிரம்மிலிருந்தும் குடிநீர்ப் பாத்திரத்திலிருந்தும் தொடங்குங்கள்.

முதலில் கொசு. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடைத் தண்ணீரைவிட நாம் பிடித்து வைக்கும் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். சாக்கடையில் நீங்கள் பார்த்தது அநேகமாக வேறு இனமான கியூலெக்ஸாக இருக்கும். தூர்வாரியது நல்ல வேலைதான், ஆனால் டெங்குக்கு அது மருந்தில்லை. புகையும் அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். டிரம்முக்குள் இருக்கும் புழுவை அது தொடாது. நாலைந்து நாளில் அந்தப் புழுக்கள் புதுக் கொசுவாக வெளியே வந்துவிடும்.

சரி, மூடிய டிரம்மில் எப்படி? மூடியைத் தூக்கி ஓரத்தைப் பாருங்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கொசுவுக்கு அது திறந்த கதவு. துணி போட்டு மூடியிருந்தால், நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் அந்த ஈரத்துணியிலேயே முட்டை வைக்கும். துணியை முரசுபோல இழுத்து, விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டையோ கயிறோ போட்டு இறுக்க வேண்டும்.

எல்லாரும் தவறவிடும் விஷயம் இன்னொன்று உண்டு. ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டிவிடுகிறது. டிரம்மைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் ‘தண்ணீரை மாற்றுங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது. கரடுமுரடான பிரஷ்ஷால் உட்சுவரை, முக்கியமாகத் தண்ணீர்க் கோடு விழுந்திருக்கும் இடத்தை, அழுத்தித் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்த்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் வீட்டில் ‘தண்ணீர் சேர்க்காதீர்கள்’ என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் முடியாது. தண்ணீர் வருவதற்குச் சற்று முன், டிரம் காலியாக இருக்கும் நேரத்தில் தேய்க்கச் சொன்னால் கேட்பார்கள்.

இதை நோட்டீஸால் புரியவைக்க முடியாது, கண்ணால் பார்க்கவைக்க வேண்டும். ஒரு முகாமில் ஒரு அம்மாவிடம் அவர் டிரம்மில் புழு இருக்கிறது என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நாங்க குடிக்கிற தண்ணி டாக்டர் இது” என்றார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். நிழல் பட்டதும் புழுக்கள் அடியில் போய் ஒளிந்துகொண்டன. பேசாமல் ஒரு நிமிடம் நின்றோம். மூச்சுவிட ஒவ்வொன்றாக நெளிந்து மேலே வந்து தலைகீழாகத் தொங்கின. அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, வாயில் வலைத்துணியை இறுக்கிக் கட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் புழு கால்புள்ளி வடிவக் கூட்டுப்புழு ஆனது. அடுத்த வாரம் நான் போனபோது, காலில் வெள்ளை வரி போட்ட கறுப்புக் கொசுக்கள் பாட்டிலுக்குள் உட்கார்ந்திருந்தன. அதற்குள் அவர் அதைத் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டிவிட்டார். நீங்களும் இப்படியே செய்யலாம். வலை கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காட்டி முடித்ததும் பாட்டிலில் கொதிநீரை ஊற்றிவிடுங்கள்.

அப்புறம், எண்ணுங்கள். 40 வீட்டைப் பார்த்து 12 வீட்டில் புழு கிடைத்தால், நூற்றுக்கு 30 வீடு. அது அதிகம். எந்தப் பாத்திரத்தில் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். மொத்தம் 18 பாத்திரத்தில் 13 டிரம், மூன்று பழைய டயர், இரண்டு வீசியெறிந்த பிளாஸ்டிக் டப்பா என்று வந்தால், குப்பை அள்ளுவதைவிட டிரம்மில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரு மழை பெய்த பிறகு இந்தக் கணக்கு தலைகீழாகலாம். அப்போது டயரும் டப்பாவும் முன்னால் வரும்.

இனி குடிதண்ணீர். பிளீச்சிங் பவுடர் போட்டால் கொசுப்புழுவும் சாகும் என்று பலர் நம்புகிறார்கள். குடிநீருக்குப் போடும் அளவில் அது சாகாது. அது கிருமிக்கு மட்டும்தான். 1000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் நல்ல பவுடர் என்பது வழக்கமான அளவு. கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். ஈரம் பட்டுக் கட்டியாகி, நெடி போய்விட்ட பவுடருக்குப் பலமில்லை. அளவைக் கூட்டி அதைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். கலங்கிய தண்ணீரையும் முதலில் தெளியவைத்து வடிகட்டியாக வேண்டும்.

போட்டதோடு நிறுத்தாமல், கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று சுகாதாரப் பணியாளரிடம் குளோரோஸ்கோப் கேட்டுச் சோதியுங்கள். அதன் மருந்தை விட்டதும் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், காலரா வந்திருக்கும் இப்போது 0.5. தொட்டியருகே மஞ்சள் வந்து கடைசி வீட்டில் வராவிட்டால், இடையில் குழாய் உடைந்து அழுக்கு கலக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். தண்ணீர் நின்ற நேரத்தில் பக்கத்துச் சாக்கடை நீரை அந்த உடைசல் உள்ளே இழுக்கும்.

குழாயில் மஞ்சள் வந்தும் வீட்டில் பேதி என்றால், பிடித்துவைத்த குடத்தைப் பாருங்கள். டம்ளரை உள்ளே விட்டு மொள்ளும்போது விரல் நுனி தண்ணீரில் முங்குகிறதா? அங்கேதான் கிருமி இறங்குகிறது. குடிநீரைத் தனிப் பாத்திரத்தில், குழாய் வைத்ததாகவோ வாய் குறுகியதாகவோ வைக்கட்டும். இல்லையென்றால் நீளக் காம்புள்ள கரண்டி ஒன்றை, அதற்கென்றே, மேலே மாட்டிவைக்கட்டும்.

கடைசியாக, தாய்மார்களிடம் தனியாகப் பேச வேண்டிய ஒன்று. கைக்குழந்தையின் மலத்தில் கெடுதல் இல்லை என்று நினைத்து வாசல் சாக்கடையில் கொட்டிவிடுகிறார்கள். பெரியவர்களுடையதைப் போலவே அதிலும் கிருமி உண்டு. கழிப்பறையில்தான் போட வேண்டும், உடனே சோப்பால் கை கழுவ வேண்டும். காலரா வந்த வீட்டிலிருந்தே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். அந்த வீட்டில் இன்னொருவருக்குக் கஞ்சித் தண்ணீர்போலப் பேதி போனால், உப்புச்சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.