மரத் தடுப்புக்குள் வயரிங்: எந்தக் குழாய், எந்தப் பெட்டி?

“மரப் பலகைத் தடுப்புக்குள் வயர் இழுக்கிறோம். கெட்டி பிவிசி, வளையும் பைப், இரும்பு பைப், இவற்றில் தீக்கு எது பாதுகாப்பு?”

ஐயா, குழாயைவிட முதலில், வயர்கள் இணையும் ஜங்ஷன் பெட்டியைக் கவனியுங்கள். வயரை அளவுக்கு மீறிய சுமை இல்லாமல் பயன்படுத்தினால் குழாயின் நடுவில் தீ தொடங்குவது அரிது. தளர்ந்த இணைப்புதான் சூடேறிப் பொறி தட்டுகிறது. ஆகவே மரத்தை ஒட்டிய இடத்தில் மூடியுள்ள இரும்புப் பெட்டியையே நான் வைப்பேன். ஆனால் அதற்கு எர்த் கட்டாயம். இல்லையெனில், உரிந்த வயர் ஒன்று பட்டாலே பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும்.

குழாய்க்கு நல்ல கெட்டி பிவிசி போதும். அது சூட்டில் இளகும், எரிந்தால் நச்சுப்புகை விடும், ஆயினும் சுடரை விலக்கியதும் தானே அணைந்துவிடும். வளையும் பைப்பில்தான் ஏமாற்றம் அதிகம். ஒரு துண்டை வெட்டி, திறந்த வெளியில் இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுங்கள்: சுடரை எடுத்த பிறகும் மெழுகுபோல் சொட்டி எரிந்தால் அது பாலிஎத்திலீன் போன்ற எரியும் பிளாஸ்டிக், கான்கிரீட்டுக்குள் புதைக்கலாம், மரத்துக்குள் கூடாது. எலி நடமாட்டமோ ஆணி இறங்கும் வாய்ப்போ இருந்தால் மட்டும் இரும்புக் குழாய்க்குச் செலவிடுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, வயர் உரசாமல் காக்கும் புஷ் வளையத்தை மாட்டிய பிறகே வயர் இழுக்க விடுங்கள்.